டயாலிசிஸ் பதிவேட்டிலிருந்து மாத அட்டவணை: சராசரி எதை விழுங்கிவிடுகிறது?

ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஒரு தாள் உண்டு. நோயாளி உள்ளே வந்ததும் எடை, ரத்த அழுத்தம். பிறகு அரை மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், பம்ப் வேகம், எவ்வளவு நீர் எடுத்தாயிற்று என்ற கணக்கு. முடிந்ததும் மறுபடி எடை, ரத்த அழுத்தம். வாரம் இரண்டு முறை வருகிறவருக்கு மாதம் எட்டு அல்லது ஒன்பது தாள்கள் சேரும். மருத்துவர் மாதக் கடைசியில் பார்ப்பது இந்தத் தாள்களை அல்ல. அவற்றைச் சுருக்கி நாம் கொடுக்கும் ஒரே ஒரு அட்டவணையைத்தான். எடை எவ்வளவு ஏறுகிறது, அழுத்தம் எப்படி இருக்கிறது, ரத்தம் போதிய அளவு சுத்தமாகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

டெக்னீஷியனாக இந்த அட்டவணையை நான் வெகுகாலம் தவறாகவே போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் பாதி.

ஒருவருடைய பிப்ரவரி மாதப் பதிவை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதிருக்க எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். உலர் எடை, அதாவது உடலில் மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 60 கிலோ. திங்களும் வியாழனும் வருவார். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். மாதத்தின் நடுவில் வரும் நான்கு நாட்கள் இவை:

| தேதி | முன் எடை | பின் எடை | முன் அழுத்தம் | இடையில் மிகக் குறைவு | நிமிடம் |
|---|---|---|---|---|---|
| 12, வியாழன் | 62.7 | 60.1 | 150/82 | 122 | 240 |
| 16, திங்கள் | 63.7 | 61.2 | 172/92 | 86 | 180 |
| 19, வியாழன் | 63.6 | 60.6 | 160/86 | 116 | 240 |
| 23, திங்கள் | 64.0 | 60.8 | 170/90 | 96 | 210 |

எடை ஏற்றம் என்பது இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் உடலில் சேர்ந்த நீர். இன்றைய முன் எடையிலிருந்து *சென்ற முறையின்* பின் எடையைக் கழிக்க வேண்டும். ஆனால் ஒரே வரியில் முன் எடையும் பின் எடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கை தானாக அவற்றைத்தான் கழிக்கிறது. அப்படிக் கழித்தால் வருவது ஏற்றம் அல்ல, அன்று இயந்திரம் எடுத்த நீர். நான் செய்த தவறு இதுதான்.

16ஆம் தேதியைப் பாருங்கள். சரியான கணக்கு 63.7 − 60.1 = 3.6 கிலோ. அந்த மாதத்திலேயே அதிகமான ஏற்றம் அதுதான். தவறான கணக்கிலோ 63.7 − 61.2 = 2.5. அன்று காலில் தசைப்பிடிப்பு வந்து மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிட்டோம். நீர் முழுதாக வெளியேறவில்லை. அதனால் எண் சிறிதாக வந்தது. அட்டவணையில் பார்த்தால் மனிதர் அந்த வாரம் மிகவும் கட்டுப்பாடாக இருந்ததுபோலத் தோன்றும். அடுத்த வரி இதற்கு நேர் எதிர். 19ஆம் தேதி அவர் 63.6 கிலோவுடன் வந்தார். தவறான கணக்கு 3.0 என்கிறது, வழக்கமான வியாழனைவிட அதிகம். "தண்ணீர் அதிகமாகக் குடித்தீர்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உண்மையில் அவருக்கு ஏறியது 2.4 கிலோதான். மிச்சமெல்லாம் நாங்கள் திங்களன்று எடுக்காமல் விட்டது.

இது ஏன் பிடிபடவில்லை? எட்டு முறைக்கும் சரியான ஏற்றத்தைக் கூட்டினால் 22.4 கிலோ, சராசரி 2.8. தவறான முறையில் கூட்டினால் 22.3 கிலோ, சராசரி அதே 2.8. உடலில் ஏறியதெல்லாம் ஏறக்குறைய இறங்கித்தான் ஆக வேண்டும். எனவே மாதக் கூட்டுத்தொகையில் இரண்டு முறைகளும் ஒன்றுபோலவே நிற்கும். வித்தியாசம் முழுவதும் எந்த நாளில் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. சராசரி அதைத்தான் அழித்துவிடுகிறது.

இதிலிருந்தே ஒரு சரிபார்ப்பும் கிடைக்கிறது. ஏற்றங்களின் கூட்டுத்தொகையிலிருந்து இறக்கங்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால், இந்த மாதக் கடைசிப் பின் எடைக்கும் சென்ற மாதக் கடைசிப் பின் எடைக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். இங்கே ஜனவரி 29 அன்று பின் எடை 60.2, பிப்ரவரி 26 அன்று 60.3. வித்தியாசம் 0.1. கூட்டுத்தொகைகளின் வித்தியாசமும் 0.1. சரியாக வராவிட்டால் ஏதோ ஒரு வரி கூட்டலில் விடுபட்டிருக்கிறது, அல்லது சூத்திரம் தவறான கட்டத்தைப் பார்க்கிறது என்று பொருள்.

ஆனால் தட்டச்சுப் பிழையை இது காட்டாது. 63.7 என்பதை 67.3 என்று அடித்துவிட்டால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் அதே பிழை ஏறி, கழிக்கும்போது மறைந்துவிடும். அதைப் பிடிக்க இயந்திரத்தின் திரையில் இருக்கும் எண் வேண்டும். 16ஆம் தேதி இயந்திரம் எடுத்ததாகக் காட்டியது 3.0 லிட்டர். அழுத்தம் விழுந்தபோது கொடுத்த சலைன் 200 மில்லி. கடைசியில் குழாயிலிருந்த ரத்தத்தைத் திருப்பிவிடச் செலுத்திய சலைனும், இடையில் குடித்த தேநீரும் சேர்ந்து ஏறக்குறைய 300 மில்லி. 3.0-லிருந்து இந்த அரை லிட்டரைக் கழித்தால் 2.5. எடை இயந்திரமும் அதையே சொல்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு கிலோ இடித்தால் யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள், அல்லது நோயாளி ஒருமுறை செருப்புடனும் மறுமுறை செருப்பில்லாமலும் ஏறி நின்றிருக்கிறார்.

விரிதாளில் இதைச் செய்வது எளிது. A பத்தியில் தேதி, B-யில் முன் எடை, C-யில் பின் எடை என்று வைத்தால், மூன்றாம் வரிக்கு:

```
ஏற்றம்     =IF(COUNT(B3,C2)=2,B3-C2,"")
இறக்கம்    =IF(COUNT(B3,C3)=2,B3-C3,"")
இடைவெளி   =A3-A2
```

இரண்டாம் வரியில் சென்ற மாதக் கடைசி டயாலிசிஸ் இருக்க வேண்டும். ஒன்றாம் தேதி வந்ததும் புதுத் தாளைத் திறந்துவிட்டால் முதல் ஏற்றத்தைக் கணக்கிட வழியில்லை. மாதத்தில் எட்டே எட்டு எண்கள் இருக்கும்போது ஒன்றை இழப்பது பெரிய இழப்பு. தேதிப் பத்தியிலும் ஒரு கண் இருக்கட்டும். கணினி மாதத்தை முன்னே வைக்கும் அமைப்பில் இருந்தால் 05-02 என்பது மே 2 ஆகிவிடும். 16-02 தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். பிறகு வரிசைப்படுத்தினால் "சென்ற முறை" என்பது வேறு ஏதோ ஒரு நாளாக மாறியிருக்கும். ரத்த அழுத்தத்தை 172/92 என்று ஒரே கட்டத்தில் எழுதினால் அதுவும் எழுத்துதான், கூட்ட முடியாது. மேல் எண்ணுக்கு ஒரு பத்தி, கீழ் எண்ணுக்கு ஒரு பத்தி வேண்டும். எடை பார்க்க முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சுழியம் போட்டால் அது சராசரியில் சேர்ந்துவிடும்.

இடைவெளிப் பத்தியை முன்பெல்லாம் நான் வைத்ததில்லை. இப்போது அதுதான் அட்டவணையின் முதுகெலும்பு. திங்களிலிருந்து வியாழனுக்கு மூன்று நாள், வியாழனிலிருந்து திங்களுக்கு நான்கு நாள். இந்த இரண்டையும் பிரித்துப் போட்டால் அதே பிப்ரவரி வேறு மாதமாகத் தெரிகிறது:

| | திங்கள் (4 நாள் இடைவெளி) | வியாழன் (3 நாள் இடைவெளி) | மாதம் முழுவதும் |
|---|---|---|---|
| எடை ஏற்றம், கிலோ | 3.4 | 2.2 | 2.8 |
| உலர் எடையில் சதவீதம் | 5.6 | 3.7 | 4.7 |
| முன் அழுத்தம், மேல் எண் | 168 | 154 | 161 |
| இடையில் மிகக் குறைந்தது | 86 | 116 | 86 |
| அழுத்தம் விழுந்த நாட்கள் | 2 | 0 | 2 |
| இழந்த நிமிடங்கள் | 105 | 0 | 105 |

ஏற்றம் உலர் எடையில் 4 முதல் 4.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 4.7 என்ற மாதச் சராசரியைப் பார்த்தால் "கொஞ்சம் கூடுதல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். திங்களின் 5.6-ஐப் பார்த்துவிட்டு நகர முடியாது. அதே நேரம், நாள் கணக்கில் வகுத்தால் திங்களுக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ, வியாழனுக்கு 0.74 கிலோ. பெரிய வேறுபாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு நாள் கூடுதலாக இருப்பதே பெரும்பாலான வித்தியாசத்துக்குக் காரணம்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை முன் எண்ணுக்குச் சராசரி போடலாம். இடையில் இறங்கும் எண்ணுக்குப் போடக் கூடாது. எட்டு நாட்களின் குறைந்த எண்களைக் கூட்டி வகுத்தால் 112 வருகிறது, மிக நலமாக இருப்பதுபோல. அந்த 112-க்குள் 86 ஒளிந்திருக்கிறது. ஆகவே அங்கே எழுத வேண்டியவை மாதத்தின் மிகக் குறைந்த எண்ணும், விழுந்த நாட்களின் எண்ணிக்கையும். எதை "விழுந்தது" என்று எண்ணுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். 90-க்குக் கீழ் போனால் கணக்கு. தொடக்கத்திலேயே 160 அல்லது அதற்கு மேல் இருந்தவருக்கு 100-க்குக் கீழ் போனாலே கணக்கு என்ற வரையறையை நான் பின்பற்றுகிறேன். 23ஆம் தேதியின் 96 இதனால்தான் பட்டியலில் ஏறியது. 170-லிருந்து 96-க்கு வருவது சிறிய இறக்கமல்ல. அன்று காலை அழுத்த மாத்திரை போட்டாரா இல்லையா என்பதையும் ஒரு ஆம், இல்லையாகக் குறித்து வைத்தால் மருத்துவருக்கு உதவும்.

ஏன் திங்களன்று மட்டும் விழுகிறது? நீர் எடுக்கும் வேகத்தைக் கணக்கிட்டால் தெரிந்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லியைத் தாண்டாமல் எடுப்பது நல்லது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 60 கிலோக்காரருக்கு அது மணிக்கு 780 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு 3.1 லிட்டர். 16ஆம் தேதி 63.7-லிருந்து 60-க்குக் கொண்டுவரத் திட்டமிட்டோம். சலைனையும் தேநீரையும் சேர்த்தால் 4 லிட்டர். மணிக்கு ஒரு லிட்டர், கிலோவுக்கு 16.7 மில்லி. திசுக்களிலிருந்து நீர் ரத்தக் குழாய்க்குள் வந்து நிரப்பும் வேகத்தைவிட நாங்கள் வேகமாக உறிஞ்சிவிட்டோம். குழாய்க்குள் ரத்தத்தின் அளவு குறைந்தது, அழுத்தம் விழுந்தது, கால் இழுத்துக்கொண்டது, ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினோம்.

அந்த ஒரு மணி நேரம் மூன்றாவது கேள்விக்குள் போய் விழுகிறது.

ரத்தம் போதிய அளவு சுத்தமானதா என்பதை யூரியாவை வைத்து அளக்கிறோம். முன்னும் பின்னும் ரத்தம் எடுத்து, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது யூரியா குறைப்பு விகிதம். அதைவிட நுணுக்கமான அளவு Kt/V. K என்பது ஒரு நிமிடத்தில் யூரியா முழுதாக நீக்கப்படும் ரத்தத்தின் அளவு, t நேரம், V உடலிலுள்ள மொத்த நீர். உடல் நீரின் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு ரத்தம் சுத்தம் செய்யப்பட்டது என்பதே அந்த எண். இந்தச் சோதனை பொதுவாக மாதம் ஒரு முறைதான். இந்த நோயாளிக்கு 12ஆம் தேதி எடுத்தோம். முன் யூரியா 132, பின் யூரியா 42. குறைப்பு விகிதம் 68 சதவீதம். Kt/V-க்குப் பரவலாகப் பயன்படுவது டாகிர்தாஸ் 1993-ல் வெளியிட்ட சூத்திரம்:

```
R = 42/132
Kt/V = -LN(R - 0.008*t) + (4 - 3.5*R)*UF/W

=-LN(42/132-0.008*4)+(4-3.5*42/132)*2.6/60.1
```

t மணி நேரத்தில், UF எடுத்த நீர் லிட்டரில், W பின் எடை. விடை 1.38. சூத்திரத்தின் முதல் பாதி யூரியா எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டாம் பாதி நீரோடு சேர்ந்து வெளியே போன யூரியாவைக் கூட்டுகிறது. 0.008 என்ற எண் டயாலிசிஸ் நடக்கும்போதே உடலில் உண்டாகும் யூரியாவுக்கான திருத்தம். வாரம் மூன்று முறை செய்பவர்களை வைத்துப் பொருத்திய எண் அது. மூன்று நாள் இடைவெளிக்கு ஏறக்குறைய 0.006 என்று குறைத்தால் விடை 1.35 ஆகும். பெரிய மாற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரே எண்ணையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சூத்திரம் மாறியதை நோயாளி மாறியதாக எண்ணிக்கொள்வோம்.

இந்த எண்ணின் நம்பகம் சூத்திரத்தில் இல்லை, ஊசி முனையில் இருக்கிறது. முன் மாதிரியை சலைனோ ஹெப்பாரினோ உள்ளே போவதற்கு முன் எடுக்க வேண்டும். பின் மாதிரிதான் பலர் கோட்டை விடும் இடம். நேரம் முடிந்ததும் நீர் எடுப்பதையும் டயாலிசிஸ் திரவத்தின் ஓட்டத்தையும் நிறுத்தி, ரத்த பம்ப்பை நிமிடத்துக்கு 100 மில்லியாகக் குறைத்து, 15 விநாடி காத்திருந்து, உடலிலிருந்து ரத்தம் வெளியே வரும் குழாயில் எடுக்க வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் எடுத்தால், சில ஃபிஸ்துலாக்களில் சுத்தமாகித் திரும்பிய ரத்தமே சுற்றி வந்து மறுபடி குழாயில் ஏறியிருக்கும். தவறுதலாகத் திரும்பிப் போகும் குழாயில் எடுத்துவிட்டால் இன்னும் மோசம். வடிகட்டியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ரத்தம் அது. பின் யூரியா மிகக் குறைவாக வரும், Kt/V அருமையாக இருக்கும். மாறாக, ஊசியைக் கழற்றி, கட்டுப் போட்டு, அரை மணி நேரம் கழித்து நினைவு வந்து எடுத்தால், திசுக்களிலிருந்த யூரியா ரத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கும். எண் குறைந்து காட்டும். நேரம், பம்ப் வேகம், வடிகட்டி எதுவும் மாறாமல் சென்ற மாதம் 1.35, இந்த மாதம் 1.9 என்று வந்தால் மகிழ வேண்டாம். மறுபடி ரத்தம் எடுங்கள். முன் மாதிரியை ஒரு ஆய்வகம் யூரியாவாகவும், பின் மாதிரியை வேறொன்று யூரியா நைட்ரஜனாகவும் கொடுத்து, இரண்டையும் அப்படியே வகுத்துவிட்ட அட்டவணையையும் பார்த்திருக்கிறேன். முதலாவது இரண்டாவதைப்போல் 2.14 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பிழை, ஆனால் விடை தலைகீழாகிவிடும்.

இங்கே எல்லாம் சரியாகவே எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். 1.38 உண்மையான எண். ஆனால் அது எந்த நாளின் எண்? மூன்று நாள் இடைவெளிக்குப் பின், 240 நிமிடமும் ஓடிய, அழுத்தம் விழாத ஒரு வியாழனின் எண். மாதத்தின் மிகச் சிறந்த நாளை அளந்துவிட்டு அதை மாதத்தின் பெயரில் எழுதுகிறோம். 16ஆம் தேதி ஓடியது 180 நிமிடம். வேறெதுவும் மாறவில்லை என்று கொண்டால் அன்று கிடைத்தது இதில் முக்கால் பங்கு, 1.0-க்குச் சற்று மேல். இந்த ஊகத்தை நான் Kt/V பத்தியில் எழுத மாட்டேன். அளக்காததை அளந்ததுபோல் காட்டக் கூடாது. அதற்குப் பதிலாக இழந்த நிமிடங்களைப் பக்கத்தில் எழுதுகிறேன். 1.38-க்கு அருகில் "105 நிமிடம் இழப்பு, எல்லாம் திங்கள்" என்று இருந்தால் படிப்பவர் தானே புரிந்துகொள்வார்.

இன்னொரு மயக்கமும் உண்டு. குறைந்தது 1.2, இலக்கு 1.4 என்று எல்லோருக்கும் மனப்பாடமான அளவுகள் வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கானவை. நம் ஊரில் இரண்டு முறை வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களின் 1.38-ஐ அந்த அளவோடு ஒப்பிட்டு "தேர்ச்சி" போடுவது தவறு. இரண்டு 1.38-களைக் கூட்டி வாரத்துக்கு 2.76 என்பதும் தவறு. இடைவெளி நீளும்போது யூரியா ஏறிக்கொண்டே போவதை அந்தக் கூட்டல் பார்ப்பதில்லை. வாரக் கணக்குக்கென்று ஸ்டாண்டர்டு Kt/V என்ற தனி அளவு இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்சம் 2.1. வாரம் இரண்டு முறை, நான்கு மணி நேரம் மட்டும் செய்து அதை எட்ட முடியாது. மிச்சத்தை நோயாளியின் சொந்தச் சிறுநீரகம்தான் தர வேண்டும். எனவே இரண்டு முறை வருகிறவரின் அட்டவணையில் 24 மணி நேரச் சிறுநீர் அளவு என்று ஒரு பத்தி கட்டாயம். அதை ஓரிரு மாதத்துக்கு ஒரு முறையாவது சேகரிக்கச் சொல்ல வேண்டும். அந்த அளவு 600 மில்லியிலிருந்து 150-க்கு இறங்கும்போது, Kt/V அசையாமல் 1.38-லேயே நின்றாலும், நோயாளிக்குக் கிடைக்கும் மொத்தச் சுத்திகரிப்பு சரிந்துகொண்டிருக்கும்.

உலர் எடைக்கும் ஒரு பத்தி வையுங்கள். மாத நடுவில் மருத்துவர் அதை மாற்றினால் அந்தத் தேதியிலிருந்து சதவீதமும் மாற வேண்டும். இந்த மாதம் அது மாறவில்லை. ஆனால் எட்டு பின் எடைகளில் ஒன்றுகூட 60-ஐத் தொடவில்லை, சராசரி 60.5. 60 என்ற எண் தாளில் மட்டும்தான் இருந்தது.

திங்களையும் வியாழனையும் பிரித்த தாளை வாங்கிப் பார்த்த மருத்துவர், மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திங்களன்று நேரத்தை நாலரை மணியாக்கச் சொன்னார். அன்றே 60-ஐத் தொட வேண்டாம், 60.4-லேயே நிறுத்துங்கள், மிச்சத்தை வியாழன் எடுத்துக்கொள்ளும் என்றார். அந்த முறைப்படி திங்களன்று எடுக்க வேண்டியது, சலைனையும் சேர்த்து, 3.4 லிட்டர் அளவில் நிற்கும். நாலரை மணி நேரத்தில் அது கிலோவுக்கு 12.6 மில்லி. மார்ச் 2 அன்று அவர் 63.5-உடன் வந்தார், 60.4-உடன் போனார். ஏற்றம் 3.2, மிகக் குறைந்த அழுத்தம் 114, நிமிடம் 270. மார்ச் தாளின் மூன்றாம் வரி அது. இரண்டாம் வரியில் பிப்ரவரி 26-இன் 60.3 இருக்கிறது.